போனில் மட்டும் புது மெயில் வரவில்லை, வெப்மெயிலில் எல்லாம் இருக்கிறது

பனித்துளி
வணக்கம். அலுவலக மெயில் ஐடி ஒன்று இருக்கிறது, சொந்த டொமைன், ஐமேப் கணக்கு. ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயில் ஆப்பிலேயே சேர்த்திருக்கிறேன். போன வியாழக்கிழமை வெப்மெயிலுக்குள் போய் பாஸ்வேர்டை மாற்றினேன். அன்றிலிருந்து போனில் புது மெயில் நின்றுவிட்டது. ஆப்பில் Incoming settings திறந்து புது பாஸ்வேர்டைப் போட்டேன், உடனே நாற்பது மெயில் மொத்தமாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றுவிட்டது. வெப்மெயிலில் பார்த்தால் புது மெயில் எல்லாம் இருக்கிறது. அதே ஆப்பில் இருக்கும் என் சொந்த ஜிமெயில் கணக்கில் ஒரு குறையும் இல்லை. எங்கே பார்ப்பது?

திண்ணை_7
கணக்கை ரிமூவ் பண்ணிட்டு திரும்ப சேர்த்துப் பாருங்க. அதுக்கு முன்னாடி ஆப்போட கேஷை கிளியர் பண்ணிடுங்க. பத்துக்கு ஒன்பது தடவை சரியாகிடும். அப்பவும் வரலன்னா Security type-ல `SSL/TLS (Accept all certificates)` வைங்க, சர்டிஃபிகேட் தொல்லை போயிடும்.

வேர்நோக்கி
திண்ணை, கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஆப் என்ன சொல்கிறது என்று தெரியட்டும்.

பனித்துளி, இன்பாக்ஸை விரலால் கீழே இழுத்துப் புதுப்பித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். பாஸ்வேர்டு தவறு என்றோ, உள்நுழைய முடியவில்லை என்றோ சொல்லலாம். அப்படியென்றால் போன் சர்வர் வரை போய்விட்டது, சாவிதான் பொருந்தவில்லை. சர்வரோடு இணைய முடியவில்லை என்று சொல்லலாம், அல்லது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் டைம் அவுட் ஆகலாம். அது வாசல் வரைகூடப் போகவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றி அடித்தாலும் பயன் இல்லை. மூன்றாவது, எந்தப் பிழையும் வராமல், இழுத்ததும் மெயில் வந்துவிடும். அப்படியானால் இணைப்பும் பாஸ்வேர்டும் நன்றாக இருக்கின்றன, தானாகப் போய்ப் பார்க்கும் வேலைதான் நடக்கவில்லை.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பிரிக்காமல் எல்லா அமைப்பையும் தொட்டால், சரியாக இருந்ததையும் நாமே கெடுத்துவிடுவோம்.

பனித்துளி
இழுத்துப் பார்த்தேன். வட்டம் சுற்றுகிறது, பிறகு இணைய முடியவில்லை என்கிறது. பாஸ்வேர்டு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இதே அலுவலக வைஃபையில் அதே போனில் பிரவுசரில் வெப்மெயில் திறக்கிறது. அப்படியென்றால் நெட்வொர்க் சரியாகத்தானே இருக்கிறது?

வேர்நோக்கி
பிரவுசர் போவது 443 போர்ட் வழியாக. மெயில் ஆப் போவது 993 வழியாக. வெப்மெயில் என்பது சர்வரிலேயே உட்கார்ந்திருக்கிற ஒரு பக்கம், அது உள்ளிருந்தே அஞ்சல் பெட்டியைத் திறந்து உங்களுக்குக் காட்டுகிறது. அதனால் வெப்மெயில் திறப்பதை வைத்து 993 திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

இப்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

பனித்துளி
வந்துவிட்டது! டேட்டாவில் உடனே பன்னிரண்டு மெயில். வைஃபைக்குத் திரும்பினால் மறுபடி சுற்றுகிறது.

ஊதாப்பூ
எனக்கும் இதே பிரச்சினைதான். ஐபோன், அதில் இருக்கும் மெயில் ஆப், ஜிமெயில் கணக்கு. கூகுள் பாஸ்வேர்டை மாற்றியதிலிருந்து வரவில்லை. புது பாஸ்வேர்டைப் போட்டாலும் பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்கிறது. டேட்டா, வைஃபை இரண்டிலும் அதே கதை. சர்வர் `imap.gmail.com`, போர்ட் 993, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

வேர்நோக்கி
ஊதாப்பூ, பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உங்களுடையது வேறு. கணக்கைச் சேர்த்தபோது Google என்பதைத் தொடாமல் Other வழியாகப் போய், 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் முன்பு உருவாக்கிய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும். வழக்கமான பாஸ்வேர்டை அந்த இடத்தில் போட்டாலும் கூகுள் ஏற்காது. 2022 மே மாதக் கடைசியிலிருந்தே தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழி மூடப்பட்டுவிட்டது.

அந்தக் கணக்கை எடுத்துவிட்டு, மறுபடி சேர்க்கும்போது Google என்பதையே தொடுங்கள். கூகுளின் சொந்தப் பக்கம் திறக்கும், அங்கே உள்நுழைந்தால் போதும். சர்வர் பெயர், போர்ட் எதுவும் கேட்காது. அவுட்லுக் டாட் காம் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 முதல் அங்கேயும் வெறும் பாஸ்வேர்டு உள்நுழைவை நிறுத்திவிட்டது.

இரவுக்காவல்
பனித்துளி, மெயில் சர்வர் பராமரிப்பு என் தினசரி வேலை, அதனால் சொல்கிறேன். டேட்டாவில் வருகிறது, வைஃபையில் வரவில்லை, அதுவும் பாஸ்வேர்டு மாற்றிய பிறகு தொடங்கியது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஐபி தடை. பழைய பாஸ்வேர்டோடு யாரோ தொடர்ந்து தட்டிக்கொண்டே இருந்தால், சர்வர் அதைத் திருட்டு முயற்சி என்று எடுத்துக்கொண்டு அந்த முகவரியைச் சில நேரம் அடைத்துவிடும். உங்கள் அலுவலக ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் எல்லாக் கருவிகளும் சர்வருக்கு ஒரே ஐபி முகவரியாகத்தான் தெரியும். ஒருவர் தவறு செய்தாலும் அத்தனை பேருக்கும் கதவு மூடும். உங்கள் சக ஊழியர்களுக்கும் வரவில்லையா என்று கேளுங்கள்.

பல சர்வர்களில் இந்தத் தடையைப் போடும் `fail2ban` என்ற நிரல் வந்த நிலையிலேயே இருந்தால், 10 நிமிடத்துக்குள் 5 தவறு நடந்தால் 10 நிமிடம் தடை. ஹோஸ்டிங் காரர்கள் பெரும்பாலும் இதைக் கூட்டி வைத்திருப்பார்கள், சிலர் மணிக்கணக்கில்.

பனித்துளி
கேட்டேன். பக்கத்து மேசையில் இருப்பவருக்கும் காலையிலிருந்து அவ்வப்போது நிற்கிறதாம், நெட் மெதுவாக இருக்கிறது என்று விட்டுவிட்டாராம். ஆனால் ஒன்று புரியவில்லை. நான்தான் புது பாஸ்வேர்டைப் போட்டுவிட்டேனே? மெயிலும் வந்ததே? பிறகு யார் பழையதோடு தட்டுகிறார்கள்?

இரவுக்காவல்
நல்ல கேள்வி. இரண்டு இடம் பாருங்கள்.

ஒன்று, அதே போன். Incoming settings-ல் மாற்றியது மெயில் பெறுவதற்கு மட்டும். அனுப்புவதற்கு Outgoing settings என்று தனியாக இருக்கிறது, அங்கே Require sign-in என்பதன் கீழ் பெயரும் பாஸ்வேர்டும் தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. அவுட்பாக்ஸில் ஒரு மெயில் மாட்டிக்கொண்டிருந்தால், ஆப் அதை அனுப்பப் பார்க்கும்போதெல்லாம் பழைய பாஸ்வேர்டோடு போய் நிற்கும்.

இரண்டு, வேறு கருவி. பழைய போன், டேப்லெட், ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்பும் பிரிண்டர், இப்படி எதிலாவது அந்த ஐடி சேர்த்திருந்தீர்களா?

கடைசிபெஞ்ச்
நோட்டிஃபிகேஷன் ஆஃப் ஆகியிருக்கும். Settings போய் ஜிமெயில் ஆப்போட நோட்டிஃபிகேஷனை ஆன் பண்ணுங்க. எனக்கு அப்படித்தான் சத்தமே வராம இருந்துச்சு.

வேர்நோக்கி
கடைசிபெஞ்ச், மெயில் வந்தும் சத்தம் வராவிட்டால் நீங்கள் சொல்வது சரி. இவருக்கு இன்பாக்ஸுக்குள்ளேயே மெயில் வரவில்லை.

பனித்துளி
அவுட்பாக்ஸில் வெள்ளிக்கிழமை அனுப்பிய ஒரு மெயில் அப்படியே நிற்கிறது! போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். Outgoing settings-ல் பாஸ்வேர்டு இடத்தில் வெறும் புள்ளிகள்தான் தெரிகிறது, பழையதா புதியதா என்று எப்படித் தெரியும்?

மற்றொன்று, அலுவலக டிராயரில் ஒரு டேப்லெட் சார்ஜில் கிடக்கிறது. போன வருடம் அதில் இதே ஐடியைச் சேர்த்த ஞாபகம்.

வேர்நோக்கி
புள்ளிகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள். கீபோர்டு முதல் எழுத்தைப் பெரியதாக்கிவிடுவதும், காப்பி செய்து ஒட்டும்போது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். கவனித்து அடியுங்கள். அதே திரையில் இருக்கும்போது மற்றவையும் சரியா என்று பார்த்துவிடுங்கள்:

```
Incoming:  mail.example.com   993   SSL/TLS
Outgoing:  mail.example.com   465   SSL/TLS
      or   mail.example.com   587   STARTTLS
Username:  name@example.com
```

`mail.example.com` இருக்கும் இடத்தில் உங்கள் ஹோஸ்டிங் கொடுத்த பெயர் வரவேண்டும். போர்ட்டும் பாதுகாப்பு வகையும் ஜோடி. 587-ஐப் போட்டுவிட்டு SSL/TLS தேர்ந்தெடுத்தால் இணைப்பு தொங்கும் அல்லது அறுந்துபோகும், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் பயனில்லை. Username இடத்தில் முழு முகவரி வேண்டும். சில ஆப்கள் தானாக `@` குறிக்கு முன்னால் உள்ளதை மட்டும் நிரப்பிவிடும், அதைப் பல சர்வர்கள் ஏற்காது.

திண்ணை சொன்ன Accept all certificates மட்டும் வேண்டாம். அதை வைத்தால் எதிரே இருப்பது உண்மையிலேயே உங்கள் சர்வர்தானா என்று போன் பார்க்காது. பொது வைஃபையில் நடுவில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு போலி சர்டிஃபிகேட் காட்டினால், இப்போதுதான் மாற்றிய புது பாஸ்வேர்டை அப்படியே அவரிடம் நீட்டிவிடும். சர்டிஃபிகேட் பிழை வந்தால் போனின் தேதி நேரம் சரியா என்று முதலில் பாருங்கள். அதுவும் சரியென்றால் சர்டிஃபிகேட்டில் இருக்கும் பெயரும் நீங்கள் அடித்த சர்வர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஹோஸ்டிங் மாறும்போது இந்தப் பெயர்தான் மாறும்.

திண்ணை_7
சரி, அந்த சர்டிஃபிகேட் விஷயத்தை ஒத்துக்கறேன். ஆனா ரிமூவ் பண்ணி சேர்த்தா சரியாகுதுன்னு நான் சொன்னது பொய் இல்ல, நிறைய பேருக்கு ஆகியிருக்கு.

வேர்நோக்கி
பொய் என்று சொல்லவில்லை. மறுபடி சேர்க்கும்போது பெறுவதற்கும் அனுப்புவதற்கும் இரண்டு இடத்திலும் புது பாஸ்வேர்டு போய் உட்காருகிறது, அதனால்தான் சரியாகிறது. ஆனால் ஐபி தடை இருக்கும்போது கணக்கை எடுத்துவிட்டால் திரும்பச் சேர்க்கவே முடியாது, சர்வர் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். பனித்துளியின் அவுட்பாக்ஸில் மாட்டியிருக்கும் மெயிலும் கணக்கோடு சேர்ந்து அழிந்திருக்கும், அது சர்வரில் எங்கேயும் இல்லை. பாப் கணக்காக இருந்தால் இன்னும் மோசம். இறக்கிய மெயிலைச் சர்வரிலிருந்து அழிக்கும்படி வைத்திருந்தால் போனில் இருப்பதுதான் ஒரே பிரதி.

இரவுக்காவல்
பனித்துளி, வரிசை முக்கியம். முதலில் டேப்லெட்டில் அந்தக் கணக்கை எடுங்கள், அல்லது வைஃபையை அணைத்து வையுங்கள். பிறகு போனில் Outgoing பாஸ்வேர்டை மாற்றுங்கள், டேட்டாவில் இருந்தபடியே அவுட்பாக்ஸ் மெயில் போகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஹோஸ்டிங்கில் சொல்லித் தடையை எடுக்கச் சொல்ல வேண்டும். தட்டுகிறவர் உள்ளே இருக்கும்போதே தடையை எடுத்தால் மறுபடி அடைபடும், சில இடங்களில் இரண்டாவது தடை முதல் தடையைவிட நீளமாக இருக்கும்.

அவர்களிடம் பேசும்போது "மெயில் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அலுவலக வைஃபையில் இருந்துகொண்டு உங்கள் பொது ஐபி எது என்று பார்த்து, அந்த எண்ணைக் கொடுத்து, இது தடைப் பட்டியலில் இருக்கிறதா, எந்த ஐடிக்காக விழுந்தது என்று கேளுங்கள். அவர்களுடைய பதிவேட்டில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
imap-login: Disconnected (auth failed, 1 attempts in 2 secs):
user=<name@example.com>, method=PLAIN, rip=203.0.113.24
```

`rip=` என்பதற்குப் பிறகு வருவது தட்டியவரின் ஐபி. `imap-login` என்று இருந்தால் பெறும் பக்கம் தவறியது. டேப்லெட்டா அவுட்பாக்ஸா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பனித்துளி
அப்படியே செய்தேன். டேப்லெட்டில் கணக்கை எடுத்துவிட்டேன், Outgoing பாஸ்வேர்டை மாற்றியதும் வெள்ளிக்கிழமை மெயில் போய்விட்டது. ஹோஸ்டிங்கில் ஐபியைக் கொடுத்தேன். தடைப் பட்டியலில் இருந்தது உண்மைதான், எடுத்துவிட்டார்கள். பதிவேட்டில் பெரும்பாலானவை `imap-login` என்றார்கள், ஆக டேப்லெட்தான். இரண்டு நாளாக வைஃபையில் நிற்கவே இல்லை. இருவருக்கும் மிக்க நன்றி.

இப்போது இன்னொன்று கண்ணில் படுகிறது. மெயில் வருகிறது, ஆனால் தாமதமாக. பகலில் கால் மணி நேரம்வரை, இரவில் சில சமயம் ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஜிமெயில் கணக்கில் மட்டும் நொடியில் வருகிறது. ஒரே ஆப், ஒரே போன். இது ஏன்?

வேர்நோக்கி
இரண்டு கணக்குக்கும் மெயில் வரும் வழி வேறு. ஜிமெயில் கணக்கில் மெயில் விழுந்ததும் கூகுளின் சர்வரே போனைத் தட்டி எழுப்பும். உங்கள் ஐமேப் கணக்குக்கு அப்படி எழுப்ப ஆள் இல்லை, ஆப்தான் குறிப்பிட்ட இடைவெளியில் போய்ப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கின் அமைப்பில் Sync frequency என்று இருக்கும், 15 நிமிடமாக வைத்திருப்பீர்கள். பகலில் கால் மணி நேரத் தாமதம் அதனால்தான்.

இரவுத் தாமதத்துக்குக் காரணம் வேறு. ஆண்ட்ராய்டு 6 முதல், சார்ஜில் இல்லாத போன் திரை அணைந்து அசையாமல் கிடந்தால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். அப்போது சிங்க் வேலைகளை ஓட விடாது. நடுநடுவே சிறிய சன்னல் திறந்து, தேங்கியதையெல்லாம் மொத்தமாக ஓட விடும். நேரம் ஆக ஆக அந்தச் சன்னல்களுக்கு இடையிலான தூரம் கூடிக்கொண்டே போகும். நீங்கள் 15 நிமிடம் என்று வைத்திருப்பது, போன் விழித்திருந்தால் என்ற நிபந்தனையோடுதான்.

சார்ஜில் போட்ட இரவில் தாமதம் இருக்கிறதா என்று ஒரு முறை கவனியுங்கள். குறைந்தால் காரணம் இதுதான்.

ஊதாப்பூ
Google வழியாகச் சேர்த்ததும் சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் எனக்கும் தாமதம் இருக்கிறது. Fetch New Data பக்கத்தில் Push ஆன் செய்துதான் வைத்திருக்கிறேன்.

வேர்நோக்கி
ஐபோனின் சொந்த மெயில் ஆப்பில் ஜிமெயிலுக்கு Push கிடையாது. அந்தப் பக்கத்தில் கணக்கின் பெயரைத் தொட்டால் Fetch, Manual இரண்டு மட்டும் இருப்பதைப் பார்க்கலாம். மேலே ஆன் செய்த Push, அதை ஆதரிக்கும் மற்றக் கணக்குகளுக்கு. கீழே இடைவெளி Automatically என்று இருந்தால், போன் சார்ஜிலும் வைஃபையிலும் இருக்கும்போது மட்டும்தான் பின்னணியில் போய் எடுக்கும். 15 நிமிடம் என்று மாற்றுங்கள். Low Power Mode ஆன் ஆகியிருந்தால் இதுவும் நிற்கும். உடனுக்குடன் வேண்டுமென்றால் ஐபோனிலும் ஜிமெயில் ஆப்பே வழி.

பனித்துளி
சார்ஜில் போட்டு வைத்த இரவில் கால் மணிக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருந்தது. ஆக உறக்கம்தான். பேட்டரி அமைப்பில் Unrestricted கொடுத்தால் உடனே வருமா?

இரவுக்காவல்
தாமதம் குறையலாம், ஆனால் உடனே வராது. எப்படியும் 15 நிமிட இடைவெளியில் போய்ப் பார்க்கும் ஆப்தானே. உடனே வேண்டுமென்றால் ஐமேப் இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆப் வேண்டும். உங்கள் சர்வர் அதை ஆதரிக்கிறதா என்று கணினியிலிருந்து பார்க்கலாம்:

```
openssl s_client -connect mail.example.com:993 -quiet
```

வரும் `* OK` வரியில் `IDLE` என்ற சொல் இருந்தால் ஆதரிக்கிறது. ஆண்ட்ராய்டில் தண்டர்பேர்ட் ஆப் இதைச் செய்யும், முன்பு கே-9 மெயில் என்று இருந்ததன் வழித்தோன்றல். எந்த ஃபோல்டருக்குப் புஷ் வேண்டும் என்று அதில் குறிக்க வேண்டும், இன்பாக்ஸ் மட்டும் போதும். பேட்டரியை Unrestricted ஆக்குவது இங்கேதான் அவசியம், இல்லாவிட்டால் திறந்து வைத்த இணைப்பைப் போன் அறுத்துவிடும்.

பனித்துளி
`IDLE` இருக்கிறது. தண்டர்பேர்ட் போட்டேன், இன்பாக்ஸுக்குப் புஷ் வைத்தேன், பேட்டரியும் மாற்றினேன். மொபைல் டேட்டாவில் நொடியில் வருகிறது. அலுவலக வைஃபையில் முதல் சில நிமிடம் நன்றாக வருகிறது, பிறகு அமைதியாகிவிடுகிறது. ஆப்பைத் திறந்தால் மொத்தமாக வருகிறது. தடை இல்லை என்று ஹோஸ்டிங்கில் உறுதி செய்துவிட்டேன்.

திண்ணை_7
வைஃபை ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

இரவுக்காவல்
ரவுட்டர்தான் என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் தீருமா என்பது சந்தேகம். காத்திருக்கும் இணைப்பில் எதுவும் ஓடாது. அதைக் குறைந்தது 29 நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கச் சொல்கிறது ஐமேப் விதி. அதற்குள்ளேயே, சும்மா கிடக்கும் இணைப்பு என்று ரவுட்டர் அதை மறந்துவிட்டால் போனுக்கும் தெரியாது, சர்வருக்கும் தெரியாது. இரண்டும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

வேர்நோக்கி
ரவுட்டர் என்று முடிவு செய்யும் முன் இன்னொரு வைஃபையில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். திரை அணைந்ததும் வைஃபையையே அரைத் தூக்கத்தில் வைக்கும் போன்களும் உண்டு, அதுவும் இதே அறிகுறியைத்தான் காட்டும்.

பனித்துளி
இன்று இரவு வீட்டு வைஃபையில் திரையை அணைத்து வைத்து, ஐந்து, பதினைந்து, முப்பதாவது நிமிடங்களில் எனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்க்கிறேன். எந்த நிமிடத்து மெயில் நிற்கிறது என்று நாளை இங்கே எழுதுகிறேன்.